வெள்ளவத்தையில் உருகிப்போன நுவரெலியாக் குக்கி

தம்பியின் மனைவிக்குச் சொந்த ஊர் நுவரெலியா. கலியாணம் முடிந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் என்னை மச்சாள் என்று கூப்பிட வேண்டும், ஆனால் மலையக வழக்கம் விடவில்லை, வாய் நிறைய அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளிடமிருந்து படமொன்று வந்தது. கறுப்புத் தட்டு, அதில் ஒன்பது குக்கி இருந்திருக்க வேண்டும், ஆனால் எண்ணினால் நான்குதான் வரும், மற்றவை ஒன்றோடொன்று ஒட்டி வரைபடத்தில் உள்ள தீவுக்கூட்டம் மாதிரிக் கிடந்தன. ஓரம் கருஞ்சிவப்பு, நடு வெள்ளை. படத்துக்குக் கீழே ஒரே வரி: "அண்ணி, இது பிஸ்கட் இல்ல, அப்பளம்."

நான் வீட்டில் சின்ன ஓவனை வைத்துக்கொண்டு ஆறேழு வருடமாக ஓடருக்குக் கேக்கும் குக்கியும் செய்து கொடுக்கிறவள். அப்பளம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இந்தப் படம் என்னை யோசிக்க வைத்ததற்கு வேறு காரணம் இருந்தது. இது அவள் அம்மாவின் செய்முறை, முப்பது வருடமாக அந்த வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்வது, நானே கலியாணத்துக்குப் போன இடத்தில் சாப்பிட்டிருக்கிறேன். தடிப்பாக, கடித்தால் மணல் மாதிரி உதிர்கிற, அருமையான குக்கி. அதே கை அதே அளவில் செய்கிறது, அதுவும் மூன்றாவது தடவை, மூன்றும் அப்பளம். அப்படியென்றால் செய்முறையில் பிழை இருக்க முடியாது, இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. ஞாயிறு காலையில் வெப்பமானிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

அவள் செய்த விதம்

அம்மா எழுதிக் கொடுத்த அளவு பால்பேணிக் கணக்கு. 200 கிராம் பட்டர் ஒரு கட்டி, அரைப் பேணிக்குச் சற்றுக் குறைவாகச் சீனி, ஒன்றே முக்கால் பேணி கோதுமை மா, கொஞ்சம் வனிலா, ஒரு சிட்டிகை உப்பு. முட்டை இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. அதற்குக் கீழே, "பட்டரை விடியவே வெளியில் எடுத்து வைக்கவும்" என்று கோடிட்டு எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அந்த வரியை அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள். காலை ஏழு மணிக்குப் பட்டரை மேசையில் வைத்து, பத்தரைக்குச் சீனியோடு சேர்த்து மின் அடிப்பானால் பத்து நிமிடம் அடித்து, மாவைப் போட்டுப் பிசைந்து, உருட்டித் தட்டையாக்கி, பட்டர் தடவிய தட்டில் அடுக்கி, 180 பாகைக்குத் திருகி வைத்த ஓவனில் சிவப்பு விளக்கு அணைந்த உடனே உள்ளே தள்ளியிருக்கிறாள். முதல் தட்டு பரந்து வந்தது. இரண்டாவது, அதே சூடான தட்டைத் துடைத்துவிட்டு அதிலேயே அடுக்கியது, கதவை மூடுவதற்குள்ளேயே இளகத் தொடங்கியதாம். எனக்கு வந்த படம் அதுதான். மூன்றாவதற்கு முன் யாரோ சொன்னார்கள் என்று மிச்ச மாவை உருண்டையாகவே பிரிட்ஜில் இருபது நிமிடம் வைத்திருக்கிறாள். அதுவும் பரந்தது, கொஞ்சம் குறைவாக.

மாவில் சந்தேகப்படுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது, நானும் அங்கேதான் தொடங்கினேன். பேணியில் அளப்பது ஆளுக்கு ஆள் மாறும். அவள் அளந்ததைத் தராசில் போட்டால் 290 கிராம். அம்மா எப்படி அளப்பார் என்று கேட்டேன், பேணியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி மாவை இறக்கி மேலே நிரப்புவாராம். அப்படி அளந்தபோது 340. ஐம்பது கிராம் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ஆனால் இவள் இரண்டாவது தடவையே, இளக்கமாக இருக்கிறதே என்று இரண்டு கைப்பிடி மா கூடப் போட்டுத்தான் செய்திருக்கிறாள். அதுவும் பரந்ததோடு வாயில் வறட்டு மாவாகவும் இருந்திருக்கிறது. ஆக மா ஒரு பங்காளியாக இருக்கலாம், முதலாளி இல்லை. இனிப் பேணி வேண்டாம் என்று முடிவுசெய்து, பேக்கரிக்காரர்கள் நெடுங்காலமாகப் பிடிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று கணக்குக்கு வந்தோம்: 100 கிராம் சீனி, 200 கிராம் பட்டர், 300 கிராம் மா. சேர்த்தால் 600 கிராம், ஒவ்வொன்றும் 20 கிராமாக முப்பது குக்கி.

பட்டர்ப் பொதியின் பின்பக்கத்தையும் பார்த்தேன். பெட்டியில் வரும், பாணில் பூசும் பரப்புகள் சில பட்டர் மாதிரியே மஞ்சளாக இருந்தாலும், கொழுப்பு 60 சதவீதம்தான் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். உண்மையான பட்டரில் கொழுப்பு 80க்கு மேல், தண்ணீர் சுமார் 16. அதாவது 200 கிராம் பட்டரோடு 32 கிராம் அளவு தண்ணீர் போகும், அந்தப் பரப்பில் அது 80 கிராமை நெருங்கும். அப்படியொன்றைப் போட்டால் எவ்வளவு குளிரவைத்தாலும் குக்கி வராது. இவள் வாங்கியது சரியான பட்டர்தான். சரி, அந்தக் கதவும் மூடியாயிற்று.

வெப்பமானி சொன்னது

குசினியில் காலை பத்தரைக்கு 31 பாகை. மேசையில் இருந்த பட்டருக்குள் ஊசி வெப்பமானியைக் குத்தினால் 29. அடித்து முடித்தபோது 30. பார்வைக்கே தெரிந்தது: கட்டியின் மூலைகள் பளபளவென்று கண்ணாடி மாதிரி, தட்டின் அடியில் மெல்லிய மஞ்சள் எண்ணெய்க் கோடு. விரலை வைத்தால் பள்ளம் விழவில்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

இங்கேதான் அம்மாவின் கோடிட்ட வரி விளங்கியது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். அங்கே விடிய எடுத்து வைத்த பட்டர் பத்து மணிக்குப் பதமாக இளகியிருக்கும், அதற்கு மேல் இளக அந்த வீட்டில் சூடே இல்லை. பட்டர் சீனியைப் பிடித்துக்கொண்டு காற்றை அடைத்து வைக்கும் பதம் 18, 20 பாகையைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே அது தானாகக் கிடைக்கிறது. வெள்ளவத்தையிலோ கட்டியைக் கடையில் வாங்கி காலி வீதியில் நடந்து வருவதற்குள்ளேயே அந்தப் பதத்தைத் தாண்டிவிடும். "அறைவெப்பத்தில் பட்டர்" என்று செய்முறைகளில் வருகிற அறை எங்களுடைய அறை அல்ல.

பட்டர் ஒரே பாகையில் சட்டென்று உருகுகிற பொருளும் அல்ல. அதற்குள் பலவகைக் கொழுப்பு இருப்பதால் குளிரில் இறுகி, 20க்கு மேல் படிப்படியாகத் தளர்ந்து, 30இல் பெரும்பகுதி திரவமாகி, 35ஐ ஒட்டி முழுவதும் உருகிவிடும். ஆக இவளுடைய மா ஓவனுக்குள் போகும்போதே, உருகுவதற்கு அதில் மிச்சம் பெரிதாக இல்லை.

ஓவன் அடுத்த கதை. 20 லீற்றர்ச் சின்ன ஓவன், மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு. கூண்டு நடுவில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, திருகியை 180இல் வைத்தோம். ஆறாவது நிமிடம் விளக்கு அணைந்தது. வெப்பமானி 150. அப்புறம் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்க, முள் மெல்ல மெல்ல ஏறி, இருபதாவது நிமிடத்தில்தான் 175இல் நின்றது. விளக்கு அணைவது உணரி இருக்கும் மூலை சூடாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். மெல்லிய தகடு, கண்ணாடிக் கதவு, கம்பித்தட்டு எல்லாம் சூட்டை உறிஞ்சி முடிக்க இன்னும் நேரம் வேண்டும். பிறகு கதவைத் திறந்து, தட்டு வைக்கிற பாவனையில் இருபது வரை எண்ணி மூடினேன். 175இல் நின்ற முள் 125க்கு விழுந்தது, திரும்பி ஏற ஐந்து நிமிடம் போலப் பிடித்தது. பெரிய ஓவனிலும் கதவைத் திறந்தால் சூடு இறங்கத்தான் செய்யும், ஆனால் தடித்த சுவர் அதை உடனே திருப்பிக் கொடுக்கும். சின்ன ஓவனில் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை, கம்பி மறுபடி எரிந்துதான் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அப்பளத்தின் வரலாறு முழுவதும் தெரிகிறது. குக்கி ஓவனுக்குள் போனதும் இரண்டு வேலை நடக்கிறது. பட்டர் உருகி மாவை ஓடவிடப் பார்க்கிறது, சூடு மாவில் உள்ள தண்ணீரை விரட்டி ஓரத்தை இறுக்கப் பார்க்கிறது. உருகுவதற்கு 35 பாகை போதும், இறுகுவதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் குக்கி எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு நேரமும் அது பரந்துகொண்டே இருக்கும், சீனியும் அந்தச் சூட்டில் கரைந்து பாகாகி இன்னும் இளக்கிவிடும். இவளுடைய மா உருகிய நிலையிலேயே உள்ளே போனது, ஓவன் அதை இறுக்க ஆறுதலாக வந்து சேர்ந்தது.

ஐந்து தட்டு

இதை வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவள், "அப்ப பிரிட்ஜ்ல வச்சா சரியாயிருமா, ஓவன சூடாக்கினா சரியாயிருமா? எது அண்ணி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, எனக்கே அளந்து தெரியாது. அதனால் அவள் செய்த விதத்திலேயே, அதே எண்ணெய் வடிந்த பட்டரில் ஒரு மா பிசைந்து, முப்பதையும் 20 கிராமாக நிறுத்து, போத்தல் மூடியொன்றால் அழுத்தி 4.5 செ.மீ. அகலத்துக்குக் கொண்டுவந்தோம். தடிப்பு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். தட்டில் பட்டர் தடவாமல் ஒயில் பேப்பர். தட்டுக்கு ஆறு என்று ஐந்து தட்டாகப் பிரித்து, பன்னிரண்டை வெளியே விட்டு, பதினெட்டைப் பரப்பியபடியே மூடிப் பிரிட்ஜில் வைத்தோம்.

முதல் தட்டு அவள் முறை: குளிராத மா, விளக்கு அணைந்தவுடன் உள்ளே. வெந்து வந்தபோது அடிக்கோலால் அளந்தால் 7 செ.மீ. இரண்டாவதும் குளிராத மாதான், ஆனால் ஓவனை இருபது நிமிடம் முழுதாகச் சூடாக்கிய பின். 6.2. மூன்றாவது, பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் இருந்து ஊசிக்கு 9 பாகை காட்டிய மா, முழுச் சூடான ஓவன், ஆறின தட்டு. 5.2. நான்காவதும் அதே குளிர்ந்த மா, அதே சூடு, ஆனால் வேண்டுமென்றே அப்போதுதான் வெளியே வந்த தட்டில் வைத்தோம். 6க்குப் போனது, அதைவிட அதன் உருவம்தான் பார்க்க வேண்டியது: மேல்பாதி ஒழுங்காக நின்றிருக்க, அடியில் மட்டும் மெல்லிய பாவாடை விரித்த மாதிரி ஒரு விளிம்பு. ஐந்தாவதற்கு ஓவன் கதவைத் திறந்து ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, குளிர்ந்த மாவை மறுபடி விளக்கு அணைந்தவுடன் வைத்தோம். 5.9. இது மற்றவற்றைவிட அதிக நேரம் பிரிட்ஜில் இருந்த மா, அப்படியிருந்தும்.

அவள் கேள்விக்கு விடை அந்த எண்களில் இருக்கிறது. குளிரவைப்பது மட்டும் செய்தால் ஏழிலிருந்து ஆறுக்குக் கிட்ட இறங்குகிறது, ஓவனைச் சூடாக்குவது மட்டும் செய்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் சுமாரான குக்கி வரும், அதைப் பார்த்து "நான் பிரிட்ஜில் வைத்தேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்று சலித்துப்போவோம். குளிர் மாவுக்குக் கொடுப்பது சில நிமிட அவகாசம்தான். ஓவன் அந்த அவகாசத்துக்குள் வந்து ஓரத்தை இறுக்காவிட்டால் அந்த அவகாசம் வீண்.

மூன்றாவது தட்டிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குக்கியை எடுத்தபின் பேப்பரில் ஒவ்வொன்றின் கீழும் வட்டமாக எண்ணெய்க் கறை. பட்டர் என்பது கொழுப்புக்குள் தண்ணீர் நுண்துளிகளாகப் பிடிபட்டிருக்கும் ஒரு கலவை. அது ஒருமுறை எண்ணெயாக உருகி அந்தப் பிடி விட்டுப்போனால், மறுபடி குளிரவைத்தால் இறுகும், ஆனால் பழைய பட்டராகாது. எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். குளிரவைப்பது இளகிய மாவுக்கு மருந்து, உடைந்த பட்டருக்கு அல்ல.

அடுத்த ஞாயிறு

இரண்டாவது முறை பட்டரைப் பிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து, ஒரு செ.மீ. துண்டுகளாக வெட்டி, விரித்து வைத்தோம். பத்து நிமிடத்தில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்தது, விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. ஊசியில் 19. பன்னிரண்டாவது நிமிடத்தில் பார்த்தபோது 21, அதாவது இந்த ஊரில் அந்தப் பதம் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம்கூட நிற்காது. பட்டர் துண்டோடு அடிக்கிற பேசினையும் பிரிட்ஜில் வைத்திருந்தோம். அடிப்பதை மூன்று நிமிடத்தோடு நிறுத்தினோம். நிறம் வெளுத்துப் பஞ்சாகும் வரை அடிப்பது கேக்குக்கு. குக்கியில் அந்தக் காற்று உப்பி எழும்பிப் பிறகு அமுங்கும்போது அகலத்தைத்தான் கூட்டும், அடிப்பான் உரசும் சூடும் பட்டருக்குத்தான் போகும். சீனியை மட்டும் முன்கூட்டியே கிரைண்டரில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தோம், எங்கள் கடைச் சீனி பருமனாக இருப்பதால் மூன்று நிமிடத்தில் அது சேராது. மாவைப் போட்டபின் கரண்டியால் கிளறி, வெள்ளை மறைந்ததும் விட்டுவிட்டோம்.

குளிரவைக்கும் விஷயத்தில் எல்லாரும் நேரத்தைக் கேட்பார்கள், நான் தடிப்பைக் கேட்பேன். முதல் நாள் அவள் வைத்த உருண்டை தேங்காய்ப் பாதி அளவு. அப்படியொன்றை இருபது நிமிடம் பிரிட்ஜில் வைத்தால் வெளித்தோல் இறுகும், கையால் தட்டினால் குளிர்ந்த மாதிரி இருக்கும், நடுவில் குத்தினால் 25க்குக் குறையாது. நாலரை செ.மீ. உருளையாக உருட்டிச் சுற்றி வைத்தால்கூட நடு குளிர இரண்டு மணித்தியாலம் ஆகும். அதுவே குக்கியாக வடிவம் பிடித்து ஒரு செ.மீ. தடிப்பில் தட்டில் பரப்பி வைத்தால் முக்கால் மணித்தியாலம், உறைபெட்டியில் என்றால் கால் மணித்தியாலம் போதும். வெள்ளவத்தை மாடிவீட்டுப் பிரிட்ஜில் தட்டு வைக்க இடம் ஏது என்பீர்கள். அவளும் அதைத்தான் சொன்னாள். சாப்பாட்டுக் கோப்பைகளைத் தலைகீழாகப் போட்டு, இரண்டில் பேப்பர் விரித்து அடுக்கினோம், வேலை நடந்தது.

முதல் நாள் இரவே செய்து வைப்பதும் நல்லது, மா தண்ணீரைக் குடித்து இன்னும் இறுகும். ஆனால் காலையில் உருளையைக் கல்லாக இருக்கும்போதே வெட்டினால் ஓரம் உடைந்து உதிரும். ஐந்து நிமிடம் பொறுத்து, கத்தியை ஒரே அழுத்தாக இறக்க வேண்டும்.

கொழும்பில் குளிரவைத்தால் வரும் ஒரு தொல்லை நுவரெலியாச் செய்முறையில் இருக்காது. பிரிட்ஜிலிருந்து எடுத்த மாவைத் திறந்து மேசையில் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் வியர்க்கும். கடல்காற்றின் ஈரம் குளிர்ந்த எதன் மேலும் துளியாக இறங்கிவிடும், தண்ணீர்ப் போத்தலில் பார்ப்பதுதான். அந்தத் துளி குக்கியின் மேல்சீனியைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும், வெந்தபின் மேலே அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி விழும், ஓரமும் இளகும். என்னுடைய முதல் வருட ஓடர் ஒன்றில் அறுபது குக்கி இப்படிப் புள்ளி விழுந்து, ஏதோ கெட்டுப்போன சாமான் என்று வாங்கினவர் நினைத்துவிட்டார். குளிரவைக்கும்போது இறுக மூடி வையுங்கள், எடுத்தால் திறந்து வைத்துக்கொண்டு கதைத்துக் கொண்டிருக்காமல் நேரே ஓவனுக்குக் கொண்டுபோங்கள். தட்டையும் சேர்த்துக் குளிரவைக்கலாமே என்று அவள் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன், அதுவும் வியர்க்கும், குளிர்ந்த இரும்பு சின்ன ஓவனின் சூட்டையும் தின்னும். சாதாரணமாக ஆறின தட்டு போதும். தட்டு ஒன்றுதான் இருக்கிறதென்றால் வெந்தது வந்ததும் பேப்பரோடு இழுத்து எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் பின்பக்கத்தைக் காட்டித் துடைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஓவனோடு வந்த தட்டின் அளவுக்கே இன்னொன்று வாங்கிக்கொள்வது அதைவிட நிம்மதி.

ஓவனுக்கு நாங்கள் பிடித்த வழி இது: திருகியை 200இல் வைத்து இருபது நிமிடம் சூடாக்கி, தட்டை வைத்துக் கதவைச் சட்டென்று மூடி, நான்காவது நிமிடத்தில் 180க்கு இறக்குவது. கதவு திறந்ததில் விழும் சூட்டுக்கு முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைப்பதுதான் கணக்கு. இதில் ஒரு பக்க விளைவு உண்டு. கதவு மூடினதும் மேல்கம்பி முழுவீச்சில் சிவந்து எரியும், தட்டு நடுத்தட்டில் இருந்தால் குக்கியின் தலை கருகி அடி வேகாமல் இருக்கும். அதனால் ஒரு படி கீழே இறக்கினோம். தட்டுக்கு ஒன்பது வைக்காமல் ஆறு வைத்ததும் உதவியது, அவ்வளவு குளிர்ந்த மாவை ஒரேயடியாகத் தள்ளினால் இந்தக் கம்பிகள் தாங்காது. எல்லா ஓவனுக்கும் 200 சரி என்று நான் சொல்லமாட்டேன், சிலது திருகியில் காட்டுவதைவிடச் சூடாக எரியும். புறக்கோட்டையில் கேக் சாமான் விற்கிற கடையில் தொங்கவிடும் வெப்பமானி கிடைக்கும். அது இல்லையென்றால் ஒரு கரண்டி சீனியைத் தகட்டுத் துண்டில் வைத்துப் பார்க்கலாம். சீனி 186 பாகையளவில் உருகும், ஆகவே 175 என்று நீங்கள் நினைக்கும் சூட்டில் கால் மணித்தியாலம் வைத்தபின் அது பாகாகியிருந்தால் உங்கள் ஓவன் பொய் சொல்லுகிறது. குறைவாக எரிகிறதா என்பதை அறிய 190க்குத் திருகிப் பார்க்க வேண்டும், கால் மணித்தியாலத்துக்குப் பிறகும் சீனி சீனியாகவே கிடந்தால் குறைவு.

நான் எப்போதும் முதல் தட்டுக்கு முன் ஒரே ஒரு குக்கியைத் தனியாக வைத்துப் பார்ப்பேன். பத்து நிமிடத்தில் அது எல்லாம் சொல்லிவிடும். ஓரம் வலை மாதிரி மெலிந்து கருகி, நடு வெளுத்திருந்தால் மா சூடு, மிச்சத்தைத் திரும்பக் குளிரவைக்கலாம். எங்கும் ஒரே சீராக அகன்று, நிறமே வராமல் சோகையாக இருந்தால் ஓவன் சூடு காணாது. பேப்பரில் எண்ணெய் வட்டம் விட்டால் பட்டர் உடைந்திருக்கிறது, அந்த மாவை அப்படியே ஒரு சின்னத் தகரத் தட்டில் அமுக்கி வேகவைத்துத் துண்டு போடுங்கள், பரவ இடம் இல்லாததால் நன்றாகவே வரும். பரவாமல் நின்று மேலே வெடித்திருந்தால் மா அதிகம். அதற்கு நான் இதுவரை நல்ல மருந்து கண்டதில்லை, தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடலாம்.

அன்றைக்கு வந்தது 4.8 செ.மீ. பதினைந்து நிமிடம் வெந்தது. அடியோரம் பொன்நிறம், மேல் வெளிர், பேப்பர் காய்ந்து சுத்தம். வந்த சூட்டில் தொட்டால் அமுங்கியது, அவள் இன்னும் வேகவில்லையென்று திரும்பத் தள்ளப் பார்த்தாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். பட்டர் அப்போது திரவம், தட்டிலேயே ஐந்து நிமிடம் ஆறினால்தான் குக்கி குக்கியாகும். முழுதாக ஆறின பிறகு டின்னில் போட்டு மூடினோம். இந்த ஊரில் திறந்து வைத்தால் அடுத்த நாளே நமுத்துவிடும், சூட்டோடு மூடினாலும் அதே கதிதான்.

பின்பக்க மூலையில் இருந்த இரண்டு மட்டும் கொஞ்சம் கருகியிருந்தன. அந்த ஓவன் அந்தப் பக்கம் அதிகம் எரிகிறது. பத்தாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பலாம், அதற்குமுன் திறக்கக்கூடாது, ஓரம் இறுகியிருக்காது. தம்பி அந்த இரண்டையும் சாப்பிட்டுவிட்டான்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குப் படம் போனது. உடனே அழைப்பும் வந்தது, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நல்லாத்தான் வந்திருக்கு. பட்டர எத்தன மணிக்கு வெளிய வச்ச?"

"பத்து நிமிஷம்தான்மா வச்சேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பத்து நிமிஷத்துல அது கல்லு மாதிரி இருக்குமேடி, எப்பிடி அடிச்ச?"